அக்ரானுலோசைட்டோசிஸ், மருந்தால் வருவது

மருந்தின் விளைவாக, தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்கும் கீழே சரியும் ஆபத்து நிலை. தைராய்டு மருந்தான கார்பிமசோலும் இதை உண்டாக்கலாம். எனினும் மிகக் கடுமையான கண்காணிப்பு மனச்சிதைவுக்கான குளோசபினுக்கே உண்டு. 1975-இல் பின்லாந்தில் அதை உட்கொண்டோரிடையே நேர்ந்த மரணங்களே அதற்குக் காரணம்.

பிக்கரிங் உள்ளிட்ட ஒன்ராறியோ நகரங்களில் குளோசபின் தொடங்குவோர் பதிவேட்டில் சேர்க்கப்படுவர். கனடாவின் வழமையான முறையில் முதல் 26 வாரங்கள் வாரந்தோறும், அடுத்த 26 வாரங்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பரிசோதிக்கப்படும். ஆபத்து முதல் சில மாதங்களிலேயே அதிகம். எண்ணிக்கை 2,400-இலிருந்து 1,800-க்கு இறங்கினால் மஞ்சள் நிலை: மருந்து தொடரும், பரிசோதனை வாரம் இருமுறையாகும். 1,500-க்குக் கீழே சிவப்பு நிலை: மருந்து உடனே நிறுத்தப்படும்.

திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், தொண்டைவலி, வாய்ப்புண் ஆகியவை முன்னறிகுறிகள். சாதாரணத் தடிமன் என்று எண்ணிப் பரசிட்டமோல் போட்டுக் காத்திருப்பது காய்ச்சலை மறைத்துவிடும். அடுத்த பரிசோதனை நாள்வரை பொறுக்காமல் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருப்பதால் சீழ் கட்டாமலே தொற்று முற்றக்கூடும்.