மின்னணு ஒப்பந்தம்

மின்னஞ்சல், இணையதளம், செயலி, குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியாக இரு தரப்பார் செய்துகொள்ளும், நீதிமன்றத்தில் செல்லுபடியாகக்கூடிய உடன்பாடு மின்னணு ஒப்பந்தம் எனப்படும். இந்தியாவில் இதைப் பற்றி நேரடியாகப் பேசுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு. 2000-ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டத்தில் முதலில் இந்தப் பிரிவு இல்லை. 2008-இல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பலர் நினைப்பதைவிட அது சொல்வது மிகக் குறைவு. ஓர் ஒப்பந்தம் மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாது என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். ஒப்பந்தம் உண்மையில் உண்டானதா என்று பார்ப்பதற்கு இன்றும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். முன்மொழிவு, ஏற்பு, கைம்மாறு, சுயசம்மதம், ஒப்பந்தம் செய்யத் தகுதியான வயது என அது கேட்கும் எதற்கும் தாளோ மையோ தேவையில்லை. வாய்ப்பேச்சே போதும் என்று ஏற்கும் சட்டம் மின்னஞ்சலை மறுக்க முடியாது.

கையெழுத்து என்றால் என்ன

கையெழுத்து என்றவுடன் ஒருவரது கையின் தனித்த வளைவுகள் நினைவுக்கு வருகின்றன. சட்டம் அதை அப்படிப் பார்த்ததில்லை. எழுதத் தெரியாதவர் இடும் குறியும் கையெழுத்தே என்று 1897-ஆம் ஆண்டின் பொது விளக்கச் சட்டம் சொல்கிறது. நம் பத்திரங்களில் கைநாட்டு செல்லுபடியாவதும் அதனால்தான். ‘இந்த ஆவணத்துக்கு நான் கட்டுப்படுகிறேன்’ என்ற எண்ணத்தோடு இடப்பட்ட குறியா என்பதே கேள்வி. கோட்டின் அழகு கேள்வியே அல்ல.

இந்தக் கேள்வியைக் கணினி கொண்டுவரவில்லை, தந்தி கொண்டுவந்தது. தந்தி அனுப்புகிறவர் எதிலும் கையெழுத்திடாமல் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகலாம். மறுமுனைத் தாளில் அவர் பெயரை எழுதுபவர் முன்பின் தெரியாத தந்தி ஊழியர். அந்தப் பெயர் யாரைக் கட்டுப்படுத்தும்? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் 1869-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. தந்தி ஊழியர் ஓர் அங்குல எஃகுப் பேனாவால் எழுதினாலும் ஆயிரம் மைல் செம்புக் கம்பியால் எழுதினாலும் வேறுபாடில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மின்னஞ்சல் வழக்குகளில் வழக்கறிஞர்கள் இன்றும் அதை எடுத்துப் போடுகிறார்கள்.

இந்தியாவில் தொலைபேசியின் முறையும் வந்தது. அகமதாபாத்தில் இருந்தவர் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கேட்டார். காம்கானில் இருந்தவர் சரி என்றார். பிணக்கு வந்தபோது எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏற்புச் சொல் எங்கே காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் உண்டானது, எனவே அகமதாபாத் என்று நீதிமன்றம் 1965-இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. தொலைபேசியில் ஒப்பந்தம் உண்டாகுமா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்து கப்பல் பாக்சைட்

மின்னஞ்சல் ஒப்பந்தத்துக்கு இந்தியாவில் முதலில் சுட்டப்படும் வழக்கு, துபாயின் டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே நடந்தது. ஆஸ்திரேலிய பாக்சைட்டை ஐந்து கப்பல்களில் அனுப்புவதாக டிரைமெக்ஸ் 2007 அக்டோபர் 15 அன்று மின்னஞ்சலில் விலையும் நிபந்தனைகளும் சொன்னது. கேள்வியும் பதிலுமாகச் சில அஞ்சல்கள் போய்வந்தன. மறுநாளே, ஐந்து கப்பலுக்கும் சம்மதம் என்று வேதாந்தாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

அதை நம்பி டிரைமெக்ஸ் ஆஸ்திரேலியாவில் சரக்குக்கு ஒப்பந்தம் போட்டது. நவம்பரில் கப்பலையும் வாடகைக்குப் பேசி முடித்தது. முழு நிபந்தனைகளும் கொண்ட முறையான ஒப்பந்தப் படிவத்தையும் கையெழுத்துக்கு அனுப்பியது. அதில் கையெழுத்து விழவில்லை. வேதாந்தா சரக்கைத் தள்ளிவைக்கச் சொன்னது. டிரைமெக்ஸ் ஒப்பந்தத்தை முறித்து நட்டஈடு கேட்டது. கப்பல்காரருக்குத் தர வேண்டியதும் டிரைமெக்ஸ் தலையில் விழுந்திருந்தது.

வேதாந்தாவின் வாதத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. இன்னும் பல விவரங்கள் பேசி முடியவில்லை, படிவத்தில் கையெழுத்தும் இல்லை, எனவே ஒப்பந்தமே பிறக்கவில்லை என்றது. 2010 ஜனவரி 22 அன்று நீதிபதி ப. சதாசிவம் அதை ஏற்க மறுத்தார். (ஈரோடு மாவட்டத்துக்காரரான இவர் பின்னர் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார்.) பொருள், அளவு, விலை, அனுப்பும் முறை போன்ற முக்கியமான விஷயங்களில் மின்னஞ்சல்களிலேயே உடன்பாடு வந்துவிட்டது, அதற்குப் பின் முறையான படிவம் தயாராவதும் கையெழுத்தாவதும் ஏற்கெனவே உண்டான ஒப்பந்தத்தைப் பாதிக்காது என்றார். முதல் மின்னஞ்சலிலேயே நடுவர் தீர்ப்புக்கான வரி இருந்ததால் வழக்கு நடுவரிடம் போனது. இத்தனையும் 10அ பிரிவு வருவதற்கு முன்பு நடந்த பேரம். 1872-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

வியாபாரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ‘அக்ரிமென்ட் இன்னும் சைன் ஆகவில்லையே’ என்ற நிம்மதி ஆதாரமற்றது. கையெழுத்தான படிவம் வரும்வரை கட்டுப்பட விருப்பமில்லை என்றால் அதை மின்னஞ்சலிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும்.

தட்டச்சு செய்த பெயர்

மற்றொருவர் கடனுக்குப் பொறுப்பேற்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதில் கையெழுத்தும் வேண்டும் என்பது இங்கிலாந்தின் 1677-ஆம் ஆண்டுச் சட்டம். இணைய யுகத்தில் அங்கே வந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2006-இல் ஒரு வழக்கு. தனிப்பட்ட முறையில் பணத்துக்குப் பொறுப்பேற்பதாக ஒருவர் மின்னஞ்சல் அனுப்பச் செய்தார். அஞ்சலின் அடியில் பெயர் இல்லை. மேலே ‘அனுப்புநர்’ இடத்தில் தானாக விழுந்த முகவரியைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள நீதிமன்றம் மறுத்தது. அவர் அதை ஒப்புதலின் அடையாளமாக இடவில்லையே.

2012-இல் வந்தது கோவாவைச் சேர்ந்த சல்கோகர் சுரங்க நிறுவனத்தின் வழக்கு. நெடுங்காலக் கப்பல் வாடகைக்கான பேச்சு முழுவதும் மின்னஞ்சல்களில் நடந்தது. கடைசி அஞ்சலின் அடியில் தரகர் தம் முதற்பெயரை மட்டும் தட்டியிருந்தார். அதுவே கையெழுத்து என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். முகவரி தானாக விழுந்தது. பெயரை ஒருவர் வேண்டுமென்றே இட்டார். இரண்டு தீர்ப்புகளும் பிரிகிற இடம் இதுதான்.

சொடுக்கு

சொடுக்குக்கும் இதே உரைகல். நெட்ஸ்கேப் நிறுவனம் ‘ஸ்மார்ட்டவுன்லோட்’ என்ற மென்பொருளை இலவசமாகத் தந்தது. பக்கத்தில் பதிவிறக்கப் பொத்தான் இருந்தது. உரிம நிபந்தனைகளுக்கான இணைப்போ பொத்தானுக்குக் கீழே, திரையை உருட்டினால்தான் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. அந்த மென்பொருள் தங்களை வேவு பார்ப்பதாகப் பயனர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உரிமத்தின்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது நெட்ஸ்கேப். 2002-இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொத்தானை அழுத்தியவர்கள் மென்பொருளைக் கேட்டார்கள், நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டமயோர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

நிபந்தனைகளைக் கண்முன் வைத்து ‘I agree’ என்று தனியே அழுத்தச் சொல்வது இதனால்தான் வழக்கமாயிற்று. வாசித்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. வாசிக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா, அழுத்தினால் சம்மதம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்றே கேட்கிறது. வாசிக்காமல் பத்திரத்தில் கையெழுத்திட்டவருக்கும் இதே கதிதான். ஆனால் அழுத்தியது பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் ஒப்பந்தமே இல்லை. பொத்தானுக்கு வயது தெரியாது என்பது நிறுவனத்தின் தலைவலி.

யார் இட்டது என்பதற்குச் சான்று

தட்டிய பெயர் கட்டுப்படுத்தும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் தட்டியிருக்கலாம். டிஜிட்டல் கையொப்பம் இந்தக் குறைக்காக வந்தது. அது தட்டிய பெயரைவிட அதிகமாகக் கட்டுப்படுத்துவதில்லை. மறுப்பதைக் கடினமாக்குகிறது, அவ்வளவே.

இதற்கான கணிதம் 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிறந்தது. ஒருவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும்: ஒன்று அந்தரங்கச் சாவி, மற்றது ஊரறிந்த பொதுச்சாவி. ஆவணம் முதலில் ஹாஷ் என்னும் கணக்கின் வழியே ஒரு சிறிய எண்கோவையாகச் சுருக்கப்படும். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்தக் கோவை மாறிவிடும். அதை அந்தரங்கச் சாவியால் பூட்டினால் கிடைப்பதே கையொப்பம். பொதுச்சாவியால் திறந்துபார்ப்பவருக்கு இரண்டு விஷயங்கள் தெரியும்: அந்தச் சாவியால்தான் இட்டது, அதன்பின் ஆவணத்தை யாரும் தொடவில்லை. அந்தச் சாவி இன்னாருடையது என்று சான்று தர உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிமம் தருபவர் மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி. ஆதார் எண்ணுக்கு வரும் ஓடிபி வழியாக இடும் ‘இ-சைன்’ முறையிலும் நடப்பது இதுவே. அங்கே சாவி அந்த ஒரு கையொப்பத்துக்காகப் பிறந்து உடனே அழிக்கப்படுகிறது.

கையெழுத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்-இல் ஒட்டிய படம் டிஜிட்டல் கையொப்பம் ஆகாது. சம்மதத்தின் அடையாளமாக அது நிற்கலாம். ஆனால் யாரும் வெட்டி ஒட்டலாம். மறுபக்கம், உண்மையான டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் `Validity unknown` என்று மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டியதில்லை. சான்று தந்த நிறுவனத்தை உங்கள் கணினியின் மென்பொருள் அறியவில்லை என்பதே பொருள். கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டது என்று காட்டினால்தான் நிறுத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் கணிதத்தில் இல்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்தரங்கச் சாவி உள்ள யூஎஸ்பி டோக்கனையும் அதன் பின் எண்ணையும் ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் சாதாரணம். சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அதன் உரிமையாளர் கடமை என்கிறது சட்டத்தின் 42-ஆம் பிரிவு. சாவி பிறர் கைக்குப் போனால் உடனே சான்று நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நேர்வதற்கு அவரே பொறுப்பு. ‘நான் இடவில்லை, ஆடிட்டர் இட்டார்’ என்ற பேச்சு அங்கே எளிதில் எடுபடாது.

வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ பேசி முடித்தவர் வழக்கென்று போனால் ஸ்கிரீன்ஷாட் அச்சு மட்டும் போதாது. செய்தி இருக்கும் கருவியையே நீதிமன்றத்தில் காட்டலாம். நகலாகத் தந்தால் கூடவே சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2020-இலும் உறுதிசெய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அந்தச் சான்றிதழில் பதிவின் ஹாஷ் எண்ணும் இருக்க வேண்டும். பேரம் முடிந்த கைபேசியை விற்றுவிட்டவர்கள் இங்கேதான் திண்டாடுகிறார்கள்.

விலக்குகள்

இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இந்தியச் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. இரண்டு நாடுகளும் சில ஆவணங்களை வெளியே வைத்திருக்கின்றன. இந்தியாவில் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் முன்பு விலக்குப் பட்டியலில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. கிரயப் பத்திரத்துக்குப் பதிவும் முத்திரைத் தீர்வையும் வேண்டும் என்பது அதனால் மாறவில்லை. உயில் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுதுபவர் தாளில் கையெழுத்தோ குறியோ இட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால்தான் அது செல்லும்.