மின் கம்பியமைப்புத் தொழிற்பயிற்சி (சிங்கப்பூர்)

மின் கம்பியமைப்பு, பேச்சுவழக்கில் ஒயரிங், சிங்கப்பூரில் பாதி வேலையிடத்திலும் பாதி ஏட்டிலுமாகக் கற்கப்படும் தொழில். ஜெர்மனியின் இரட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்ட பயிற்சித் திட்டம் 1990-இல் இங்கே தொடங்கப்பட்டது. 1979-இல் உருவான தொழிற்பயிற்சிக் கழகத்தின் இடத்தில் 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வருபவர்கள் பலரின் பாதை வேறு. அவர்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் மதிப்பீட்டுச் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்குச் செய்முறைத் தேர்வும் அறிவுத் தேர்வும் உண்டு. பைப்பை வளைத்துக் கம்பி இழுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஏன் அப்படி இழுக்கிறோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இந்தத் தொழிலில் கையும் ஏடும் சேர வேண்டியதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தச்சு வேலையில் கோணல் கண்ணுக்குத் தெரியும், குழாய் வேலையில் கசிவு தெரியும். ஒயரிங்கில் தவறாகச் செய்த வேலையும் சுவிட்சைப் போட்டால் எரியும். வேலை சரியா என்பதை மீட்டர் அளவுதான் சொல்லும். அந்த அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடாதவருக்கு மீட்டர் காட்டும் எண்ணால் பயன் இல்லை.

ஒரு வளையச் சுற்று

சிங்கப்பூரின் சாக்கெட் இணைப்புகள் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றியவை. 230 வோல்ட், 13 ஆம்பியர், மூன்று செவ்வகக் கால் பிளக். பல சாக்கெட்டுகளை ஒரே சுற்றில் இணைக்க வளையச் சுற்று பயன்படுகிறது. டிபி பெட்டியிலிருந்து கிளம்பும் கம்பி ஒவ்வொரு சாக்கெட்டாகத் தொட்டுக்கொண்டு மீண்டும் அதே பெட்டிக்கு வந்து சேரும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 32 ஆம்பியர் எம்சிபி காக்கிறது. தனியாக நின்றால் அந்தக் கம்பி, போட்ட விதத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 20 முதல் 24 ஆம்பியர்தான் தாங்கும். மின்னோட்டம் இரு பக்கமும் பிரிந்து வருவதால்தான் 32 ஆம்பியருக்கு அது ஈடுகொடுக்கிறது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இப்படி ஒரு வளையம் போட்டதாக வைத்துக்கொள்வோம். கம்பியின் மொத்த நீளம் 40 மீட்டர். ஏதோ ஒரு சாக்கெட்டின் பின்னால் லைவ் கம்பி திருகிலிருந்து நழுவிவிட்டது. எல்லாச் சாக்கெட்டும் வேலை செய்யும், ஏனென்றால் விட்டுப்போன இடத்தின் இரு புறமும் பெட்டியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் வளையம் இப்போது இரண்டு ஒற்றைக் கால்களாகிவிட்டது. ஒரே காலில் கெட்டில், ஓவன், இஸ்திரிப் பெட்டி மூன்றும் சேர்ந்து 29 ஆம்பியர் இழுத்தால் எம்சிபி விழாது. கம்பி மட்டும் தன் தாங்குதிறனைத் தாண்டிச் சூடாகி, உறை மெல்ல மெல்லக் கெடும். புகை வரும்வரை யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். பயிற்சி பெறுபவர் முதலில் நோட்டில் கணக்குப் போடுகிறார். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 7.41 மில்லிஓம். 40 மீட்டருக்கு ஏறத்தாழ 0.30 ஓம். அடுத்து, பெட்டியில் லைவின் இரு முனைகளைக் கழற்றி, அவற்றுக்கிடையே அளக்கிறார். 0.30 வந்தால் லைவ் வளையம் முழுமை. மீட்டர் எல்லையைத் தாண்டிவிட்டதாகக் காட்டினால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இதே சோதனை. மீட்டரின் சொந்த வயர்களின் மின்தடையைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவு சிறிய எண்ணில் அது பெரிய பிழையாகிவிடும்.

இரண்டாவது படியில்தான் ஏட்டறிவு முழுமையாக வேலைக்கு வருகிறது. ஒரு காலின் லைவை மறு காலின் நியூட்ரலோடும், இந்தக் காலின் நியூட்ரலை அந்தக் காலின் லைவோடும் குறுக்காக இணைத்துவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க வேண்டும். லைவ், நியூட்ரல் இரண்டின் மின்தடையைக் கூட்டி நான்கால் வகுத்தால் 0.15 ஓம். எல்லாச் சாக்கெட்டிலும் அதே எண்தான் வர வேண்டும். ஒரு சாக்கெட்டில் மட்டும் 0.22 வந்தால் அது வளையத்தில் இல்லை, வளையத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் கிளைக் கம்பியில் தொங்குகிறது. கூடுதலான 0.07 ஓமைப் போகவர ஆகும் 10 மீட்டர் கம்பியின் மின்தடையோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. குறுக்கே இணைக்காமல் ஒரே காலின் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துவிடுவார்கள். அப்போது பெட்டிக்கு அருகே அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், போகப்போக ஏறி வளையத்தின் நடுவில் 0.15 ஆகும், பிறகு இறங்கும். காரணம் தெரியாதவர் நல்ல சுவரை உடைத்துப் பார்ப்பார். தெரிந்தவர் பெட்டிக்குத் திரும்பிப்போய் இரண்டு முனைகளை மாற்றிப் போடுவார்.

ஆகவே குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வேண்டும்: அளப்பதற்கு முன் கணக்கிட்ட எண், அளந்த எண், வித்தியாசத்துக்கான காரணம். அளந்த பிறகு முதல் பத்தியை நிரப்புவது ஏமாற்று வேலை. வரைபடத்தை மட்டும் அழகாக நகலெடுக்கும் குறிப்பேடுகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. மூன்றாவது பத்தியில் அடித்தல் திருத்தல் நிறைந்த ஏடுதான் கற்றவரின் ஏடு.

பழைய நிறம், புதிய நிறம்

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் வேலை செய்பவர் கம்பியின் நிறத்தை நம்பக்கூடாது. 2009-இல் சிங்கப்பூர் கம்பி நிறங்களை மாற்றியது. அதற்கு முன் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். மும்முனை இணைப்பில்தான் ஆபத்து அதிகம். பழைய முறையில் முனைகள் சிவப்பு, மஞ்சள், நீலம். புதியதில் பழுப்பு, கறுப்பு, சாம்பல். பழைய நியூட்ரலின் கறுப்பு இன்று ஒரு முனையின் நிறம், பழைய முனையின் நீலம் இன்று நியூட்ரலின் நிறம். புதுப்பிப்பு வேலைகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம். அட்டவணையை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொரு கம்பியையும் சோதித்து அடையாளமிட்ட பிறகே தொடுவது என்ற பழக்கம் வேலையிடத்தில், மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் கைவரும்.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் ஒருவரைத் திறனுள்ள கட்டுமானப் பணியாளராக அடையாளம் காட்டும், தன் பொறுப்பில் ஒயரிங் செய்யும் அதிகாரத்தைத் தராது. அந்த உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையம் வழங்குகிறது. அதற்குக் கல்வித் தகுதியும் வேலை அனுபவமும் வேண்டும். எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், பொறியாளர் என மூன்று நிலைகள் உண்டு. எலக்ட்ரீஷியன் உரிமத்தின் எல்லை 45 கிலோவோல்ட்-ஆம்பியர், வீடுகளும் சிறு கடைகளும் அதற்குள் அடங்கும். உரிமம் இல்லாத, பயிற்சி பெறுபவர் அளந்த எண்களை உரிமம் பெற்றவர் சரிபார்த்துப் பொறுப்பேற்ற பின்னரே மின்சாரம் கொடுக்கப்படுகிறது.