நாடாவின் இடமும் வரம்பின் பொருளும்: இடைச் சுற்றளவு குறித்து ஒரு வாதம்

இந்தியப் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. என்ற இடைச் சுற்றளவு வரம்புகள் இன்று மருத்துவமனைச் சுவரொட்டிகளில்கூடக் காணக் கிடைக்கின்றன. அந்த எண்ணோடு அளவெடுக்க வேண்டிய இடத்தையும் சேர்த்து அச்சிடும் சுவரொட்டி அரிது. மனித உடலில் இடை என்பது ஒரு கோடு அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் நாடாவை எந்த உயரத்தில் சுற்றினாலும் ஓர் எண் கிடைக்கும், அதை இடை அளவு என்று எழுதிக்கொள்ளவும் முடியும். ஆனால் வரம்பு எந்த இடத்தில் எடுத்த அளவுகளிலிருந்து பிறந்ததோ அந்த இடத்துக்கு மட்டுமே அது செல்லும் என்பதும், இடத்தைக் குறிப்பிடாத இடை அளவை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுகளில் பெரும்பாலும் நான்கு இடங்கள் பயன்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் முறையில், அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கும் கோட்டில் விரலால் தடவி, தொட்டுணரக்கூடிய கடைசி விலாவின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் சரிபாதியில் நாடாவை வைக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முறையில் நாடா இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே செல்லும். ஜப்பான் தொப்புளைத் தேர்ந்தது. விளையாட்டு உடலளவியலாரும் பல நோய்ப்பரவல் ஆய்வுகளும் இடையின் மிகக் குறுகிய பகுதியை அளக்கின்றன. 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊரகக் கொள்ளைநோயியல் ஆய்வும் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட மிகச் சிறிய சுற்றளவையே எடுத்தது. இவற்றில் எதுவும் கவனமற்ற அளவீடு அல்ல. 2003இல் வாங் குழுவினர் இத்தகைய நான்கு இடங்களை ஒரே ஆட்களிடம் மறுபடி மறுபடி அளந்தபோது, ஒவ்வோர் இடமும் தன்னளவில் மிக நம்பகமாகத் திரும்ப அளக்கக்கூடியதாக இருந்தது. ஆனால் இடத்துக்கு இடம் எண் வேறாக இருந்தது. எனவே சிக்கல் கை நடுக்கத்தில் இல்லை. துல்லியமாக அளந்த இரண்டு எண்கள் வெவ்வேறு பொருள்களைச் சுட்டுவதில்தான் இருக்கிறது.

வேறுபாடு எவ்வளவு என்பது உடலின் வடிவத்தைப் பொறுத்தது. பெரும்பாலான ஆண்களின் உடற்பகுதி விலாவிலிருந்து இடுப்பு வரை ஏறத்தாழ நேராக இறங்குவதால் நாடா இரண்டு விரற்கடை கீழே போனாலும் எண் அதிகம் மாறாது. பெண்களில் இடுப்பு விரிந்து செல்வதால் அதே இறக்கம் எண்ணைச் சட்டென்று கூட்டிவிடும். 2009இல் மேசனும் கட்ஸ்மார்சிக்கும் வெளியிட்ட ஆய்வு இதை வரம்பின் மொழியில் காட்டியது: ஒரே ஆட்கள், ஒரே வரம்பு (ஆணுக்கு 102, பெண்ணுக்கு 88 செ.மீ.), அளந்த இடத்தை மாற்றியதும் வயிற்றுப் பருமன் உள்ளதாகக் கணிக்கப்பட்ட ஆண்களின் பங்கு 23 முதல் 34 விழுக்காடு வரையும், பெண்களின் பங்கு 31 முதல் 55 விழுக்காடு வரையும் ஊசலாடியது. பெண்களில் ஏறத்தாழ கால் பங்கினரை நோயாளி வரிசையில் சேர்ப்பதும் நீக்குவதும் நாடாவின் உயரமாக இருந்தது என்பதே இதன் பொருள்.

இன்னும் வியப்பானது அந்த 102, 88 என்ற எண்களின் வரலாறு. 1995இல் லீன், ஹான், மாரிசன் ஆகியோர் வடக்கு கிளாஸ்கோ மக்களிடம் நடத்திய ஆய்விலிருந்து அவை வந்தன. அங்கே நாடா விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைக்கப்பட்டது. 1998இல் அமெரிக்க வழிகாட்டுதல் அதே எண்களை எடுத்துக்கொண்டது, நாடாவை மட்டும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு இறக்கியது. எண் ஓரிடத்திலிருந்தும் இடம் வேறோரிடத்திலிருந்தும் வந்த இந்தக் கலப்பு, பெண்களை வரம்பின் மேல்பக்கம் தள்ளும் சாய்வு உடையது. ஜப்பானின் வரம்பு இதற்கு நேர் எதிரான நேர்மையைக் காட்டுகிறது. 2005இல் அந்நாட்டு மருத்துவர்கள் ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 செ.மீ. என்று அறிவித்தபோது, பெண்ணின் எண் ஆணுடையதை விடக் கூடுதலாக இருப்பது பலரை நெற்றி சுருக்க வைத்தது. அந்த விவாதம் நியாயமானதே. ஆயினும் தொப்புள் மட்டத்து சி.டி. படத்தில் 100 சதுர செ.மீ. உள்ளுறுப்புக் கொழுப்புக்கு ஈடான சுற்றளவை அதே தொப்புள் மட்டத்தில் அளந்தே அந்த எண்ணை எட்டினார்கள். எண்ணும் இடமும் ஒரே ஆய்வின் பிள்ளைகள். வேறிடத்தில் அளந்துவிட்டு அந்த 90ஐ விமர்சிப்பது பொருந்தாது.

இவ்வாதத்துக்கு வலிமையான மறுப்பு 2008இல் ராஸ் தலைமையிலான நிபுணர் குழுவிடமிருந்து வருகிறது. 120 ஆய்வுகளைப் பரிசீலித்த அக்குழு, இதயநோய், நீரிழிவு, இறப்பு ஆகியவற்றோடு இடை அளவுக்குள்ள தொடர்பை அளக்கும் இடம் பெரிதாக மாற்றவில்லை என்று கண்டது. அப்படியானால் இடம் பற்றிய இத்தனை கவலை எதற்கு? இக்கண்டுபிடிப்பை ஏற்பதில் தடையில்லை. ஆனால் தொடர்பு என்பது வரிசை பற்றியது: யார் பெரியவர், யார் சிறியவர் என்ற அடுக்கு எந்த இடத்தில் அளந்தாலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். வரம்பு என்பது வரிசையில் ஒரு குறிப்பிட்ட எண்ணில் போடும் வெட்டு. அடுக்கு குலையாமலே எல்லோருடைய எண்ணும் உயர்ந்தால், வெட்டு வேறு ஆட்கள் மேல் விழும். நடுப்புள்ளியில் 79ம் இடுப்பெலும்பு விளிம்பில் 82ம் வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய நோய் வாய்ப்பு ஒன்றேதான். 80 என்ற வரம்பு ஓர் இடத்தில் அவரை விடுவித்து மற்றோர் இடத்தில் பிடித்துக்கொள்ளும். அப்படியெனில் ஒரு மாறிலியைக் கழித்து ஓரிடத்து அளவை மற்றோரிடத்து அளவாக மாற்றிக்கொள்ளலாமே என்றால், மக்கள் தொகையின் சராசரிக்கு அது ஓரளவு உதவும். ஒற்றை ஆளுக்கு உதவாது. வேறுபாடு இடுப்பின் விரிவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது, எடை குறையும்போது ஒரே ஆளிடமும் மாறக்கூடும்.

எந்த இடத்தைத் தேர்வது என்ற கேள்வியில் எனக்கு எலும்புதான் சாட்சி. ராஸ் குழுவும் எலும்பு அடையாளங்களையே பரிந்துரைத்தது. தொப்புளைக் கண்டுபிடிக்கத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வயிறு தொங்கும்போது தொப்புளும் கீழிறங்கும், எடை குறைந்தால் மேலேறும். ஜப்பானிய நடைமுறையே, தொப்புள் கீழிறங்கியவர்களுக்கு விலா விளிம்புக்கும் முன்பக்க இடுப்பெலும்பு முனைக்கும் நடுவில் அளக்கச் சொல்கிறது. குறுகிய இடை என்பதும் கண்ணை நம்பிய அளவுகோல். பருமனானவரில் குறுகலே இல்லாமலும் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே இரண்டு குறுகல்கள் இருந்தும் குழப்பும். எலும்பு நகராது.

இந்திய மருத்துவமனைகளில் நடுப்புள்ளியே பொருத்தம் என்பது என் கணிப்பு. உடையை விலக்கி, இரு பாதங்களையும் சேர்த்து நிற்க வைத்து, இயல்பான மூச்சை வெளிவிட்டு முடிக்கும் கணத்தில், தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். இரண்டு அளவுகள் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் சராசரி, இல்லையெனில் மீண்டும். பாவாடை நாடாவோ கால்சட்டை இடுப்புப் பட்டையோ நிற்கும் இடம் வழிகாட்டி அல்ல. அது அவரவர் கட்டும் பழக்கம். பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'நடு' என்றோ 'தொப்புள்' என்றோ ஒரு சொல் போதும். அந்தச் சொல் இல்லாததால்தான், முதல் வருகையில் தொப்புளில் 88 என்றும் மூன்று மாதம் கழித்து நடுவில் 85 என்றும் எழுதப்பட்ட ஒருவரிடம் இல்லாத முன்னேற்றம் தெரிகிறது. எடையும் இடுப்புச் சுற்றளவும் அப்படியே இருக்க இடை மட்டும் சுருங்கியிருந்தால், கொழுப்புக்கு முன் நாடாவைச் சந்தேகிக்க வேண்டும். மிகவும் பருமனானவரில் விலா விரலுக்குத் தட்டாமல் போகும். அங்கே இடுப்பெலும்பு விளிம்பை நாடுவதில் தவறில்லை, ஏனெனில் அவருடைய எண் எந்த இடத்திலும் வரம்பைத் தாண்டியே இருக்கும், அடுத்த முறையும் அதே இடத்தில் அளப்பது மட்டுமே அவருக்குத் தேவை.