24 மணி நேர சிறுநீர் பரிசோதனை: கிட்னி நல்லா இருந்தும் ரிப்போர்ட் தப்பா வருவது ஏன்?

மணிமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் 30 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எடை 65 கிலோ. டாக்டர் 24 மணி நேர சிறுநீரைச் சேர்க்கச் சொல்கிறார். காலை 5 மணிக்குத் தொடங்கிவிட்டு, கேனை ரூமிலேயே வைத்துவிட்டு, கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். ஷிப்டில் போன சிறுநீர் எதுவும் கேனுக்கு வரவில்லை.

ரிப்போர்ட்டில் மொத்த சிறுநீர் 1,200 மி.லி., அதில் டெசிலிட்டருக்கு 50 மி.கி. கிரியேட்டினின், ரத்தத்தில் 1.0. மொத்தப் புரதம் 140 மி.கி.

கிரியேட்டினின் கிளியரன்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்திலிருந்து கிரியேட்டினினை கிட்னி நீக்குகிறது என்ற கணக்கு. 50-ஐ 1,200-ஆல் பெருக்கி, ரத்த அளவான 1.0-ஆலும் ஒரு நாளின் 1,440 நிமிடங்களாலும் வகுத்தால் சுமார் 42. இந்த வயதில் 90-க்கு மேல் இருக்க வேண்டியது. பார்த்ததும் பகீர் என்றுதான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது எது?

மொத்த கிரியேட்டினினைத்தான். இது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும். ஆண்களுக்கு கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., பெண்களுக்கு 15 முதல் 20 மி.கி. (வயதானவர்கள், தசை குறைந்தவர்களுக்கு இன்னும் குறையும்.) இவருக்குக் குறைந்தது 1,300 மி.கி. வந்திருக்கணும். வந்ததோ 600. அதாவது பாதி நாள் சிறுநீர்கூட கேனில் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. நாளைக்கு 150 மி.கி.க்குக் கீழே புரதம் இருந்தால் நார்மல் என்பதால், 140 நிம்மதி தருகிறது. ஆனால் முழு நாளுக்கு 1,400 மி.கி. கிரியேட்டினின் என்று வைத்துக் கணக்கிட்டால் புரதம் சுமார் 325 மி.கி. ஆகிவிடும். கிளியரன்ஸும் 97-க்குப் போய்விடும். ஆக, இல்லாத கிட்னி செயலிழப்பைக் காட்டிய அதே கேன், இருக்கும் புரதக் கசிவை மறைத்துவிட்டது. இந்தக் கணக்கு சந்தேகத்தைக் காட்ட மட்டுமே. பரிசோதனையைத் திரும்பச் செய்துதான் முடிவெடுக்க முடியும்.

எப்படிச் சேர்ப்பது?

வார விடுமுறை நாள்தான் வசதி. ஞாயிறு காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீரை டாய்லெட்டிலேயே விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்கணும். அது முந்தைய இரவில் சேர்ந்தது. அதையும் கேனில் ஊற்றினால் கணக்கு கூடிவிடும். அதன் பிறகு ஒரு சொட்டு விடாமல் சேர்த்து, திங்கள் காலை 6 மணிக்குப் போவதையும் கேனில் ஊற்றி முடிக்கணும். மலம் கழிக்கும்போது போவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். முதலில் சிறுநீரைத் தனியாகப் பிடித்துவிடுவது நல்லது. கேனை ஃபிரிட்ஜில் அல்லது ஐஸ் பெட்டியில் வைக்கணும்.

காய்ச்சல், மாதவிடாய், கடும் உடற்பயிற்சி இருக்கும் நாட்களில் புரதம் கூடுதலாகக் காட்டலாம் என்பதால் வேறு நாள் பார்க்கலாம். நடுவில் ஒரு தடவை தவறிவிட்டால் லேபில் மறைக்காமல் சொல்லி, புதிய கேனில் மறுபடி தொடங்குவதே சரி.