சில்லுக்குள் இடம் கிடைக்காத மின்தடை

1965. கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் விட்லருக்கு அப்போது முப்பது வயசுகூட ஆகவில்லை. அவர் முன்னால் இருந்த கேள்வி கேட்பதற்கு ரொம்பச் சின்னது: ஒரு சிலிக்கான் சில்லுக்குள் பத்து, இருபது மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை எப்படி ஓடவிடுவது?

இவ்வளவு சிறிய மின்னோட்டம் எதற்கு? ஆப்-ஆம்ப் என்கிற பெருக்கியின் வாசலில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் நிற்கின்றன. அவற்றில் ஓடும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை அவை வெளியே இருந்து உறிஞ்சிக்கொள்ளும். பங்கு இருநூறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 1 மில்லிஆம்பியர் ஓடினால் 5 மைக்ரோஆம்பியரை வெளியிலிருந்து இழுக்கும். சிக்னல் 100 கிலோஓம் வழியாக வந்தால் அதிலேயே அரை வோல்ட் பிழை. உள்ளே 10 மைக்ரோஆம்பியர்தான் ஓடுகிறது என்றால் அதே பிழை 5 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

தனித்தனி உதிரிகளை வைத்துச் சர்க்யூட் கட்டுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. 30 வோல்ட் சப்ளையில் 19 மைக்ரோஆம்பியர் வேண்டுமா? சுமார் 1.5 மெகாஓம் மின்தடை ஒன்றை வாங்கிச் செருகினால் முடிந்தது. சில்லுக்குள் அப்படி முடியாது. அங்கே மின்தடை என்பது சிலிக்கானில் வரைந்த ஒரு மெல்லிய பட்டை. ஒரு சதுரத்துக்குச் சுமார் 200 ஓம். 1.5 மெகாஓம் வேண்டுமானால் 7,500 சதுரங்களை வரிசையாக அடுக்க வேண்டும். பட்டையின் அகலம் 10 மைக்ரோமீட்டர் என்றாலும் நீளம் 75 மில்லிமீட்டர் வரும். அன்றைய சில்லு முழுசுமே ஓரிரு மில்லிமீட்டர்தான்!

சில்லில் எளிதாகக் கிடைத்தது வேறொன்று: பக்கத்துப் பக்கத்தில் ஒன்றாகப் பிறந்த, ஒரே குணமுள்ள இரட்டை டிரான்சிஸ்டர்கள். அவற்றின் பேஸ்களை இணைத்து, எமிட்டர்களையும் ஒரே இடத்தில் கட்டினால், முதலாவதில் ஓடும் மின்னோட்டம் இரண்டாவதிலும் அப்படியே ஓடும். இதுதான் மின்னோட்டக் கண்ணாடி. ஆனால் கண்ணாடி உள்ளதைத்தானே காட்டும்? மில்லிஆம்பியரைக் கொடுத்தால் மில்லிஆம்பியர்தான் வரும்.

விட்லர் செய்தது, இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரில் ஒரு சிறிய மின்தடையைச் சேர்த்ததுதான். அறை வெப்பநிலையில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் குறைந்தால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காக விழும். அந்த மில்லிவோல்ட்டுகளை எமிட்டர் மின்தடை எடுத்துக்கொள்கிறது. இதற்கு 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1967-இல் கிடைத்தது.

1968-இல் அதே நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741-இல் இதைக் கணக்காகவே பார்க்கலாம். ±15 வோல்ட் சப்ளை, 39 கிலோஓம் மின்தடை. முதல் டிரான்சிஸ்டரில் 0.73 மில்லிஆம்பியர் ஓடும். வேண்டியது 19 மைக்ரோஆம்பியர், அதாவது ஏறக்குறைய 38-இல் ஒரு பங்கு. பத்து மடங்குக்கு 60 மில்லிவோல்ட் என்றால், 38 மடங்குக்குச் சுமார் 95. அதை 19 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் 5 கிலோஓம். 741-இன் வரைபடத்தில் இருப்பதும் அதே 5 கிலோஓம்தான். 1.5 மெகாஓம் கேட்ட வேலை மொத்தம் 44 கிலோஓமில் முடிந்துவிட்டது.

கூடவே ஒரு லாபம். சப்ளை ஏறி முதல் மின்னோட்டம் இரண்டு மடங்கானாலும், இரண்டாவது 19-இலிருந்து சுமார் 22 மைக்ரோஆம்பியருக்குத்தான் போகும். இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் இடையே 1 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால், வெறும் கண்ணாடியில் 4 சதவீதப் பிழை. இங்கே ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

எல்லையும் உண்டு. 1 மில்லிஆம்பியரிலிருந்து 1 மைக்ரோஆம்பியருக்கு இறங்க 180 மில்லிவோல்ட் வேண்டும். அதற்கு 180 கிலோஓம் மின்தடை. தப்பிக்க நினைத்த அதே பிரச்சினை மறுபடி வாசலில் வந்து நிற்கும். தவிர, சில்லில் மின்தடையின் மதிப்பு 20 சதவீதம்கூடத் தவறலாம். அப்போது மின்னோட்டமும் கிட்டத்தட்ட 16 சதவீதம் நகரும். துல்லியமான எண்ணை இந்தச் சுற்று தருவதில்லை, நம்பத்தக்க சிறிய எண்ணைத்தான் தருகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டர்கள், 9 வோல்ட் பேட்டரி, முதலாவதுக்கு 8.2 கிலோஓம், இரண்டாவதன் எமிட்டரில் 4.7 கிலோஓம். முதலாவதன் கலெக்டரை அதன் பேஸோடு சேர்த்துவிடுங்கள். இரண்டாவதன் கலெக்டரை நேராக பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். 4.7 கிலோஓமின் குறுக்கே மீட்டரை வைத்தால் 100 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இப்போது இரண்டாவது டிரான்சிஸ்டரை மட்டும் விரலால் பிடியுங்கள். சூடு ஏற ஏற எண்ணும் ஏறும். முதலாவதைப் பிடித்தால் இறங்கும். விரல் பட்டால் மாறுகிற இந்தச் சுற்று சில்லுக்குள் நிலையாக நிற்கக் காரணம், அங்கே இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதுதான்.

அந்த ஒற்றுமையை நம்பித்தான் விட்லர் அந்த மின்தடையை அங்கே வைத்தார்.