ஆறு நிமிடம் எங்கே போனது? – ஜிடிஏ ஆன்லைன் லோடிங் நேரத்தின் கதை

2021 பிப்ரவரி கடைசியில் t0st என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் தன் வலைப்பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார். ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்க ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது, அதை எப்படி 70 சதவீதம் குறைத்தேன் என்பதுதான் விஷயம். அவர் ராக்ஸ்டார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இல்லை. மூல நிரலும் அவர் கையில் கிடையாது. ஆனால் சில வாரங்களில் ராக்ஸ்டார் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு, அவர் பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொல்லி அப்டேட் வெளியிட்டது. 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

இந்தக் கதையைப் பலரும் "பாருங்க, பெரிய கம்பெனியே எவ்வளவு மோசமா கோட் எழுதுது" என்று சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அவர் எந்த வரிசையில் தேடினார், எதை எப்போது கைவிட்டார் என்பதைப் பார்த்தால், ப்ரொஃபைலிங் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஊரே சொன்ன காரணங்கள்

ஜிடிஏ ஆன்லைன் 2013 அக்டோபரில் வந்தது. பிசி பதிப்பு 2015 ஏப்ரலில். அன்றிலிருந்தே லோடிங் நேரம் பற்றிப் புலம்பல்தான். காரணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹார்ட் டிஸ்க் மெதுவா இருக்கும், எஸ்எஸ்டி போடுங்க. சர்வர் மெதுவா பதில் சொல்லுது. மற்ற ஆட்டக்காரர்களின் கணினிகளோடு இணைப்பு ஏற்படுத்த நேரமாகுது. எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒன்றைக்கூட யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

t0st முதலில் செய்தது மிக எளிமையான ஓர் ஒப்பீடு. அதே கணினியில் அதே ஆட்டத்தின் தனிநபர் கதைப் பகுதி திறக்க எவ்வளவு நேரம்? சுமார் 1 நிமிடம் 10 நொடி. ஆன்லைன் பகுதி? சுமார் 6 நிமிடம்.

இந்த இரண்டு எண்களே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான நகரம், கார்கள், ஒலிகள் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து எடுத்து வைக்க 70 நொடி போதும் என்று தெரிந்துவிட்டது. மீதி 290 நொடி ஆன்லைனுக்கு மட்டுமே உரியது. ஆக எல்லையில்லாத வேகமுள்ள எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டினால்கூட, அதிகபட்சம் அந்த 70 நொடியைத்தான் தொட முடியும். 290 நொடி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அடுத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். முதல் ஒரு நிமிடம் டிஸ்க் வேலை செய்தது. அதற்குப் பிறகு நான்கு நிமிடத்துக்கு டிஸ்க் சும்மா இருந்தது, நெட்வொர்க்கில் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை, கிராஃபிக்ஸ் கார்டும் சும்மா. ஒரே ஒரு ப்ராசஸர் கோர் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

இங்கே பலர் ஏமாறுவார்கள். 8 கோர் உள்ள கணினியில் ஒரு கோர் முழுக்க மாட்டிக்கொண்டால், மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் காட்டும். "ப்ராசஸர் ஃப்ரீயாதானே இருக்கு, அப்போ பிரச்சினை வேற எங்கேயோ" என்று தோன்றும். டாஸ்க் மேனேஜரில் கோர் கோராகப் பிரித்துக் காட்டச் சொன்னால்தான் உண்மை தெரியும். இந்த ஆட்டம் காத்திருக்கவில்லை. நான்கு நிமிடமாக ஏதோ ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

நடுவில் நிறுத்தி, எங்கே இருக்கிறாய் என்று கேட்பது

மூல நிரல் இல்லாதபோது உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓடும் நிரலைச் சில மில்லிநொடிக்கு ஒருமுறை சட்டென்று நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தில் எந்த ஃபங்க்ஷனில் இருக்கிறது, அதை யார் அழைத்தார்கள், அவரை யார் அழைத்தார்கள் என்று குறித்துக்கொண்டு மறுபடி ஓடவிட வேண்டும். ஆயிரக்கணக்கான முறை இப்படிக் குறித்தால், அதிக நேரம் எங்கே போகிறதோ அதுவே அதிக முறை கையில் சிக்கும். சாம்ப்ளிங் ப்ரொஃபைலர் என்பது இவ்வளவுதான்.

"யார் அழைத்தார்கள்" என்ற பகுதிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1971-லேயே டொனால்ட் நூத், ஃபோர்ட்ரான் நிரல்களை அளந்து பார்த்து, பொதுவாக நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி பாதிக்கு மேற்பட்ட நேரத்தைத் தின்கிறது என்று எழுதினார். ஆனால் அந்த 4 சதவீதம் எது என்று தெரிந்தால் மட்டும் போதாது. 1982-ல் பெர்க்லியைச் சேர்ந்த கிரஹாம், கெஸ்லர், மெக்குசிக் மூவரும் `gprof` பற்றி எழுதினார்கள். ஒரு ஃபங்க்ஷன் தின்ற நேரத்தை அதை அழைத்தவரின் கணக்கிலும் ஏற்றிக் காட்டுவதுதான் அதன் புதுமை. இது ஏன் முக்கியம் என்பது இந்தக் கதையிலேயே தெரியும்.

t0st பயன்படுத்தியது லூக் ஸ்டாக்வாக்கர் என்ற கருவி. பத்து வருடத்துக்கு மேல் யாரும் புதுப்பிக்காத மென்பொருள்! ஃபங்க்ஷன் பெயர்கள் எதுவும் கிடைக்காததால், வெறும் முகவரி எண்களைப் பார்த்து, அருகருகே இருப்பவை ஒரே இடமாக இருக்கும் என்று கண்ணாலேயே சேர்த்துப் பார்த்திருக்கிறார். இரண்டு இடங்கள் பளிச்சென்று தெரிந்தன.

முதல் இடம்: நீளத்தை எண்ணிக்கொண்டே இருந்த நிரல்

முதல் இடத்தில் மாதிரிகள் போய் முடிந்தது `strlen`-இல். ஓர் எழுத்துச்சரத்தின் நீளம் என்ன என்று, பூஜ்ஜியம் வரும்வரை எண்ணிச் சொல்லும் சின்ன ஃபங்க்ஷன் அது. சி மொழியில் முதல் வாரமே படிப்பது.

இந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். உச்சியில் இருக்கும் பெயரை மட்டும் பார்ப்பவர் என்ன செய்வார்? "`strlen` மெதுவா இருக்கு, வேகமா ஒண்ணு எழுதலாம்" என்று உட்காருவார். அது ஏற்கெனவே நன்றாகச் செதுக்கப்பட்ட ஃபங்க்ஷன். இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் நோய் தீராது. கேட்க வேண்டிய கேள்வி, இதை இத்தனை தடவை அழைப்பது யார்?

அழைத்தது `sscanf`. அதை அழைத்தது ஒரு ஜேசன் கோப்பைப் படிக்கும் பகுதி. ஆட்டத்துக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் விலைப்பட்டியல் அது: 10 எம்பி, சுமார் 63,000 பொருள்கள். படிக்கும் விதத்தைச் சுருக்கிக் காட்டினால் இப்படி:

```c
while (*p) {
    sscanf(p, "%d%n", &value, &n);
    p += n;
}
```

பார்க்க அப்பாவியாக இருக்கிறது, இல்லையா? ஒரு மதிப்பைப் படி, அவ்வளவு தூரம் நகர், அடுத்ததைப் படி. சிக்கல் என்னவென்றால், `sscanf` வேலையைத் தொடங்கும் முன் தனக்குக் கொடுத்த சரம் எங்கே முடிகிறது என்று `strlen` மூலம் பார்த்துக்கொள்கிறது. நாம் படிக்க விரும்புவது நாலு எழுத்து. அதுவோ கோப்பின் கடைசி வரை போய் எண்ணிவிட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும்.

கணக்குப் போடலாம். பொருளுக்கு ஒரே ஒரு தடவை அழைத்ததாக வைத்துக்கொள்வோம். மீதமிருக்கும் கோப்பின் சராசரி நீளம் 5 எம்பி. 63,000 × 5 எம்பி = 315 ஜிபி. 10 எம்பி கோப்பைப் படிக்க 315 ஜிபி எண்ணிக்கை! நொடிக்கு 2 ஜிபி வேகம் என்றால் இரண்டரை நிமிடத்துக்கு மேல். தோராயக் கணக்குதான், ஆனால் காணாமல் போன நிமிடங்களோடு ஒத்துப்போகிறது. நான் எப்போதும் இப்படி ஒரு பெருக்கல் போட்டுப் பார்ப்பேன். ப்ரொஃபைலர் காட்டும் இடமும் நம் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது இடம்: 198 கோடி ஒப்பீடு

படித்த பொருள்களை ஒரு வரிசையில் சேர்க்கிறார்கள். சேர்க்கும் முன், இதே பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று வரிசையை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். 63,000 பொருளுக்கும் இப்படிச் செய்தால் 63,000 × 63,001 ÷ 2, அதாவது சுமார் 198 கோடி ஒப்பீடுகள். இதில் வேடிக்கை, பட்டியலில் இருந்த எல்லாப் பொருள்களும் வேறு வேறானவை. தேடவே தேவையில்லை.

இந்த இரண்டு பிழைகளுமே சோதனை மேசையில் மாட்டாத ரகம். 1,000 பொருள்களோடு சோதித்தால் ஒப்பீடுகள் சுமார் 5 லட்சம்தான், கண்ணிமைக்கும் நேரம். பட்டியல் 63 மடங்கு வளர்ந்தால் வேலை ஏறக்குறைய 4,000 மடங்கு வளர்கிறது. அதனால், ப்ரொஃபைல் எடுக்கும்போது உண்மையான அளவுள்ள தரவை வைத்தே எடுக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு

மூல நிரல் இல்லாததால் அவர் `strlen`-ஐயே இடைமறித்தார். பெரிய சரம் ஒன்று வந்தால் அதன் தொடக்கத்தையும் நீளத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது, அதே சரத்தின் நடுவிலிருந்து மறுபடி கேட்டால் கழித்துப் பதில் சொல்வது. இரண்டாவதில், தேடுவதையே விட்டுவிட்டு நேராகச் சேர்ப்பது. அவர் செய்த நல்ல காரியம், இரண்டையும் தனித்தனியாக அளந்தது:

- எதுவும் மாற்றாமல்: சுமார் 6 நிமிடம்
- தேடலை மட்டும் நீக்கினால்: 4 நிமிடம் 30 நொடி
- ஜேசன் பகுதியை மட்டும் திருத்தினால்: 2 நிமிடம் 50 நொடி
- இரண்டும் சேர்த்து: 1 நிமிடம் 50 நொடி

தனித்தனி லாபம் 90 நொடி, 190 நொடி. கூட்டினால் 280 வர வேண்டும், வந்ததோ 250. இவை முழு எண்ணாகச் சொன்ன நேரங்கள், அதனால் அந்த 30 நொடி வித்தியாசத்தில் பெரிய அர்த்தம் தேட மாட்டேன். ஆனால் ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு "முடிஞ்சுது" என்று எழுந்திருந்தால் ஒரு நிமிடமோ 2 நிமிடம் 40 நொடியோ மிச்சம் வைத்திருப்பார் என்பது தெளிவு. 2021 மார்ச் 16-ல் ராக்ஸ்டாரின் அதிகாரப்பூர்வத் திருத்தம் வந்தது.

உங்கள் நிரலில் இதைச் செய்து பார்க்க லினக்ஸில் இரண்டு கட்டளை போதும்:

```
perf record -g ./game
perf report
```

அந்த `-g` தான் அழைத்தவர்களையும் சேர்த்துப் பதிவு செய்வது. அது இல்லாவிட்டால் `strlen` என்ற பெயர் மட்டும் கிடைக்கும், ஜேசன் கிடைக்காது. இன்னொன்று, `perf record` வழக்கமாக ப்ராசஸர் ஓடும் நேரத்தில்தான் மாதிரி எடுக்கும். நிரல் டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருந்தால் அது இதில் தெரியாது. டாஸ்க் மேனேஜர் பார்த்து, இது ப்ராசஸர் பிரச்சினைதான் என்று முதலில் உறுதி செய்துகொண்டதற்கு அதுதான் காரணம்.

மிச்சமிருக்கும் 1 நிமிடம் 50 நொடியில் 70 நொடி கதைப் பகுதிக்கும் ஆகிற அதே நேரம். அந்த மிச்சத்தில் அடுத்த தடை எது என்று பழைய ப்ரொஃபைலை வைத்துச் சொல்ல முடியாது. அது 6 நிமிட நிரலின் படம். திருத்திய நிரலை மறுபடி ஓடவிட்டு, மறுபடி மாதிரி எடுக்க வேண்டும்.