பிஸ்கட் பொட்டல விவரங்களைப் படித்தல்

இந்தியாவில் விற்கும் பிஸ்கட் பொட்டலங்களின் பின்புறம் சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் கட்டாயம் இருக்கும். என்னென்ன அச்சிட வேண்டும் என்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்துள்ளன. சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. அட்டவணையில் 100 கிராமுக்கான அளவுகள் உண்டு, அவை எதிலிருந்து வந்தன என்பது இருக்காது. ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றில் தேடுவதுதான் இவற்றைப் படிக்கும் முறை.

இதற்கு உதாரணமாக, முகப்பில் கோதுமைக் கதிர் படத்துடன் வரும் 'டைஜஸ்டிவ்' வகை பிஸ்கட் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சேர்மானங்கள்: மைதா 41%, பாமாயில், ஆட்டா 17%, சர்க்கரை, கோதுமைத் தவிடு 3%, இன்வர்ட் சிரப், பின்னர் உப்பும் மாவை உப்பச்செய்யும் பொருள்களும். அட்டவணையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 68 கிராம், மொத்தச் சர்க்கரை 19, சேர்க்கப்பட்ட சர்க்கரை 18, மொத்தக் கொழுப்பு 21, நிறைவுற்ற கொழுப்பு 10, நார்ச்சத்து 4 கிராம்.

மாவு

படத்தில் முழுக்கோதுமை தெரிந்தாலும் பட்டியலில் முதலிடம் மைதாவுக்கு. ஆட்டா அதில் பாதிகூட இல்லை. பொருளின் பெயரிலோ படத்திலோ எடுத்துக்காட்டப்படும் சேர்மானத்தின் விழுக்காட்டைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் ஆட்டாவின் அளவு நமக்குத் தெரிகிறது. 100 கிராம் ஆட்டாவில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு, மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. தவிட்டில் நார் இன்னும் மிக அதிகம். ஆகவே மைதா பிஸ்கட்டில் ஒரு பிடி தவிடு தூவினாலே நார்க் கணக்கு உயர்ந்துவிடும். 100 கிராமில் 3 கிராம் நார் இருந்தால் 'நார்ச்சத்து கொண்டது' என்று எழுதச் சட்டம் இடம் தருகிறது. நம் உதாரண பிஸ்கட் அந்த வரம்பை எளிதில் தாண்டுகிறது. முகப்பில் அப்படி எழுதினால் பொய் இல்லை, ஆனாலும் அது மைதா பிஸ்கட்தான்.

சர்க்கரை

பட்டியலில் சர்க்கரை நான்காவதாக நிற்கிறது. ஆனால் இனிப்பு இரண்டு பெயர்களில் பிரிந்து கிடக்கிறது. இன்வர்ட் சிரப் என்பது சர்க்கரையையே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்த பாகு. பிஸ்கட்டுக்குப் பொன்னிறம் தருவதில் அதற்குப் பங்குண்டு. சேர்க்கப்பட்ட சர்க்கரை 18 கிராம் என்று அட்டவணை சொல்வதால், இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தால் அது ஆட்டாவுக்கு முன்னால் வந்திருக்கும். லிக்விட் குளுக்கோஸ், தேன், வெல்லம், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என எந்தப் பெயர் வந்தாலும் இதே கூட்டலைச் செய்து பார்க்கலாம். மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் இந்தக் கணக்கில் பிடிபடாது. விரைவில் குளுக்கோஸாக மாறும் மாவுப்பொருளான அது பெரும்பாலும் சர்க்கரை வரிசையில் சேராமல் மாவுச்சத்தில் கலந்துவிடும்.

'ஒரு பரிமாறல்' என்ற பத்தி கண்ணை ஏமாற்றக்கூடியது. அது இரண்டு பிஸ்கட், 25 கிராம் என்று வைத்தால், சேர்க்கப்பட்ட சர்க்கரை 4.5 கிராம், நாளுக்கான 50 கிராமில் 9 விழுக்காடு. கேட்கச் சிறிய எண்தான். டீயில் தொட்டுத் தொட்டு நான்கு போனால் 9 கிராம், சுமார் இரண்டு டீஸ்பூன். டீயில் போட்ட சர்க்கரை இதில் சேரவில்லை.

கொழுப்பு

பாமாயிலின் விழுக்காடு பட்டியலில் இல்லை. ஆனாலும் அது மைதாவுக்கும் ஆட்டாவுக்கும் நடுவே நிற்பதால் 17க்கும் 41க்கும் இடைப்பட்டது என்பது உறுதி. மொத்தக் கொழுப்பு 21 கிராம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அது 20 விழுக்காட்டை ஒட்டியது என்று கணக்கிடலாம். அதாவது பிஸ்கட்டில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்.

கொழுப்பின் தன்மையை அறிய நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கொழுப்போடு ஒப்பிட வேண்டும். இங்கே 21இல் 10, ஏறக்குறைய பாதி. பாமாயிலின் இயல்பே அதுதான். சூரியகாந்தி எண்ணெயில் செய்திருந்தால் இந்தப் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் அறை வெப்பத்தில் கெட்டிப்படும் கொழுப்பு இல்லாமல் மொறுமொறுப்பைக் கொண்டுவருவது கடினம். பட்டியலில் 'இன்டர்எஸ்டெரிஃபைட் வெஜிடபிள் ஃபேட்' என்று இருந்தால், அது வனஸ்பதியின் இடத்துக்கு வந்த கெட்டிக் கொழுப்பு. அதிலும் பாமாயிலே அடிப்படையாக இருப்பது வழக்கம்.

'ட்ரான்ஸ் ஃபேட் இல்லை' என்ற வாசகத்தை மட்டும் நம்பி ஒரு பிஸ்கட்டை வாங்கத் தேவையில்லை. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழில்துறை ட்ரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி அந்த வாசகம் ஒன்றும் சொல்வதில்லை.

'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டுகளிலும் இதே நிலைதான். சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் சேர்ந்திருக்கும். பட்டியலில் அதன் எண் 965. சர்க்கரை வரிசையில் பூஜ்யம் தெரிந்தாலும் மைதாவும் பாமாயிலும் அவற்றில் பெரும்பாலும் முன்வரிசையிலேயே இருக்கும். மால்டிட்டால் அளவு மீறினால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம் என்பதால், அதைக் குறித்த எச்சரிக்கையும் பொட்டலத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.